ஜெர்மனி மேற்படிப்புக் கூட்டத்துக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி: சேர்க்கையையும் உதவித்தொகையையும் உள்ளபடி சொல்ல ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்பு பற்றிய தகவல் கூட்டத்துக்கு முதன்முதலாகக் கேப்ஷன் எழுத உட்காருகிறவரின் கையில் பெரும்பாலும் இரண்டே பொருள்கள் இருக்கும். ஒன்று, ஏற்கெனவே வடிவமைத்து முடித்த போஸ்டர். மற்றொன்று, "போன தடவை போட்டதையே தேதி மாற்றிப் போட்டுவிடுங்கள்" என்ற மேலாளரின் சொல். அந்தப் பழைய கேப்ஷன் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> ஜெர்மனியில் 100% இலவசக் கல்வி! உறுதியான அட்மிஷன்! ரூ.10 லட்சம் வரை ஸ்காலர்ஷிப்! ஐ.இ.எல்.டி.எஸ். தேவையில்லை! இடங்கள் குறைவு, இன்றே பதிவு செய்யுங்கள்!

இதில் ஐந்து கூற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றுகூட அந்த உண்மையின் அளவுக்குள் நிற்கவில்லை. நான் திருச்சியில் ஒரு கன்சல்டன்சியில் மூன்று ஆண்டுகள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். இதே மாதிரியான கேப்ஷனை நானும் எழுதினேன். 2023-இல் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, பி.இ. முடித்த மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் பதிவைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். விசாவுக்கு முன்பே வாழ்க்கைச் செலவுக்கென்று மாணவர் பெயரில் முடக்கி வைக்கும் கணக்கான பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டிய தொகையைச் சொன்னதும் அந்தப் படத்தை எடுத்து என் பக்கம் திருப்பி, "சார், ஃபீஸ் கிடையாதுன்னு நீங்கதான போட்டிருக்கீங்க, அப்புறம் இந்தப் பத்து லட்சம் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, தாம்தான் எதையோ சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டோமோ என்று தயங்கிக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் படித்திருந்தார். எழுதியதுதான் தவறு, அதை எழுதியவன் நான். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான், ஜெர்மனிக் கூட்டம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: கூட்டம் எதைத் தருகிறது என்று முடிவு செய்தல்

தகவல் கூட்டம் தகவலைத்தான் தருகிறது. சேர்க்கையைப் பல்கலைக்கழகம் தருகிறது. உதவித்தொகையை அதற்கான அமைப்பு தருகிறது. விசாவைத் தூதரகம் தருகிறது. இந்த மூன்றில் எதுவும் கூட்டம் நடத்துகிறவர் கையில் இல்லை. கேப்ஷன் வழிதவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மற்றவர் தரக்கூடிய ஒன்றை நாம் தருவதுபோல வாக்கியம் அமைந்துவிடுகிறது. "ஸ்காலர்ஷிப் பெறுங்கள்" என்று எழுதினால் தருகிறவர் யார் என்பது மறைந்துபோகிறது. "எந்த உதவித்தொகைக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்று விளக்குகிறோம்" என்று எழுதும்போது, நாம் செய்கிற வேலை மட்டும் நம் பெயரில் நிற்கிறது.

அடுத்து, கூட்டம் யாருக்கானது என்பதைக் குறுக்க வேண்டும். "ஜெர்மனியில் படிக்கலாம்" என்ற பொதுத் தலைப்பு பிளஸ் டூ மாணவரையும் பட்டதாரியையும் ஒரே அறைக்கு அழைத்துவந்துவிடும். ஆனால் இவர்கள் இருவருக்கும் வழி வேறு. நம் ஊர்ப் பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இளங்கலையில் சேர்வது பொதுவாக இயலாது. இங்கே ஓராண்டாவது பட்டப்படிப்பு முடித்திருப்பது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சி, அங்கே ஸ்டூடியன்கொலேக் என்னும் ஆயத்தப் படிப்பு என்று ஏதாவதொரு கூடுதல் தகுதி வேண்டியிருக்கும். ஆகவே முதுகலைக்கான கூட்டமென்றால் முதல் வரியிலேயே "முதுகலை" என்ற சொல் வந்துவிட வேண்டும். அந்த ஒரு சொல் பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆதாரத் தாள்

கேப்ஷனில் ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன்பு, நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நிரப்புங்கள். முதல் கட்டத்தில் நீங்கள் சொல்ல விரும்பும் கூற்று. இரண்டாவதில் அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது. மூன்றாவதில் அதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் இடம், அதாவது அந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது உதவித்தொகை அமைப்பின் சொந்தப் பக்கம். நான்காவதில் நீங்கள் அதைப் பார்த்த தேதி. இன்னொரு கன்சல்டன்சியின் காணொளியும், வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும், மேலாளரின் நினைவும் மூன்றாவது கட்டத்தில் இடம்பெறக் கூடாது.

தேதிக் கட்டத்தை வெறும் சடங்காக எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மாணவரின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் கட்டாயமானது. பிளாக்டு அக்கவுண்டில் வைக்க வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,208 யூரோவாக இருந்து, 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. பழைய கேப்ஷனில் தேதியை மட்டும் மாற்றிப் போடுகிறவர், பழைய தொகையையும் சேர்த்து மறுபதிப்புச் செய்துவிடுகிறார்.

"இலவசம்" என்ற சொல்

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மை. இதைச் சொல்லாமல் மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியைத் தேர்ந்தெடுப்பதற்கு இது வலுவான காரணம். ஆனால் "100%" என்ற சொல் இந்த உண்மையோடு ஒட்டாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்; ஸ்டுட்கார்ட்டும் ஹைடெல்பெர்கும் கார்ல்ஸ்ரூவும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டர் முதல் இப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது. அங்கே முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகிறது. நம் ஊர் பொறியியல் மாணவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் இவையும் உண்டு என்பதால், இந்த விலக்கைச் சொல்லாமல் விடுவது சிறு குறை ஆகாது. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் தனிக் கணக்கு.

கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. மாணவர் அமைப்புக்கும், பல ஊர்களில் பேருந்து, ரயில் பயணச் சீட்டுக்கும் சேர்த்து இதை வாங்குகிறார்கள். பல்கலைக்கழகத்தைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 400 யூரோ வரை இருக்கும்.

பிளாக்டு அக்கவுண்டை விளக்குவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 11,904 யூரோ என்பது கட்டணமன்று. மாணவரின் சொந்தப் பணம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்பக் கிடைக்கும். ஆனால் விசாவுக்கு முன்பே அது முழுவதும் கையில் இருந்தாக வேண்டும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். நகையை வைத்தோ நிலத்தின் பேரில் கடன் வாங்கியோ அதைத் திரட்டப் போகிற குடும்பத்துக்கு, "கட்டணம் அல்ல" என்ற விளக்கத்தைவிட "முன்கூட்டியே வேண்டும்" என்ற தகவலே பெரிது. கேப்ஷனில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

சேர்க்கை பற்றி எதைச் சொல்லலாம்

"உறுதியான அட்மிஷன்" என்பதைத் திருத்த முடியாது; நீக்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்பதுதான் புதியவர்களின் குழப்பம். சேர்க்கை எதைப் பொறுத்தது என்பதை எழுதுங்கள். அதுதான் பயனுள்ள தகவல்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் நம் மதிப்பெண்ணைத் தங்கள் அளவுக்கு மாற்றிப் பார்க்கின்றன. அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் தேர்ச்சி. பரவலாகப் பயன்படும் பவேரிய வாய்பாட்டின்படி, 10-க்கு 7.8 சி.ஜி.பி.ஏ. வைத்திருக்கும் மாணவரின் கணக்கு, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று கொண்டால், இப்படி வரும்:

```
1 + 3 × (10 − 7.8) ÷ (10 − 5) = 2.32
```

இதே கணக்கில் 6.5 வைத்திருப்பவருக்கு 3.1 வருகிறது. முதுகலைப் படிப்புகள் பல 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண்ணைக் கேட்கின்றன. நம் கணக்கில் அது 7.5. ஆகவே "எந்த மதிப்பெண்ணாக இருந்தாலும் அட்மிஷன்" என்ற வரி, 6.5 வைத்திருக்கும் மாணவருக்கு இழைக்கும் அநியாயம். அவருக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் விண்ணப்பிக்கக்கூடிய படிப்புகளின் பட்டியல் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தைக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவர் அறிந்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வியைத் தயார் செய்துகொண்டு வருவார்.

மதிப்பெண் நன்றாக இருந்தும் நிராகரிக்கப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு முக்கியமான காரணம் பாடப் பொருத்தம். இளங்கலையில் கணிதத்தில் இத்தனை கிரெடிட், நிரலாக்கத்தில் இத்தனை கிரெடிட் என்று படிப்புக்குப் படிப்பு கேட்பார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் 8.5 வைத்திருந்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடலாம். கேப்ஷனில் இவ்வளவையும் விளக்க இடம் இருக்காது. "மதிப்பெண்ணையும் இளங்கலையில் படித்த பாடங்களையும் பார்த்துப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்" என்ற ஒரு வரி போதும்.

ஆங்கிலத் தேர்வு பற்றிய கூற்றுக்கும் இதே அளவுகோல்தான். கல்லூரியில் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை. "சில படிப்புகளுக்கு மட்டும்" என்று சொல்ல இடமில்லையென்றால் இந்தக் கூற்றை அடியோடு விட்டுவிடுங்கள். இதனால் கூட்டத்துக்கு ஒரு நஷ்டமும் வராது.

தங்கள் வெற்றி எண்ணிக்கையைப் போட நிறுவனங்கள் விரும்புவது இயல்பு. அந்த எண் வந்த விதத்தைப் பாருங்கள். ஒரு மாணவர் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து நான்கிலிருந்து அனுமதிக் கடிதம் பெறலாம். பத்து மாணவர்கள் அப்படிப் பெற்றால் "40 அட்மிஷன்" என்று எழுத முடியும், படிப்பவர் 40 மாணவர்கள் என்று எடுத்துக்கொள்வார். எண்ணிக்கை போடுவதானால் கடிதங்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள்; விண்ணப்பித்தவர் எத்தனை பேர், அனுமதி பெற்றவர் எத்தனை பேர், எந்த ஆண்டில் என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். மூன்றில் ஒன்று கைவசம் இல்லையென்றால் எண்ணே வேண்டாம். மாணவரின் விசா ஒட்டிய கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமாகப் போடும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. அதில் கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் தெளிவாகத் தெரியும். மாணவர் சம்மதித்தாலும் அதைப் போடாதீர்கள்.

உதவித்தொகை: நான்கு கேள்விகள்

படிப்பவரின் நம்பிக்கை அதிகமாகக் குவியும் இடமும், கேப்ஷன் அதிகமாகப் பொய்க்கும் இடமும் இதுதான். ஆதாரத் தாளில் ஒவ்வோர் உதவித்தொகைக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: தருகிறவர் யார்? யாருக்கு? எவ்வளவு? கிடைக்குமா இல்லையா என்பது எப்போது தெரியும்? நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தின் பணத் திட்டம் முழுவதும் அதைத்தான் சார்ந்திருக்கிறது.

"ரூ.10 லட்சம் வரை" என்ற பழைய வரிக்குப் பின்னால் இருந்தது டி.ஏ.ஏ.டி. உதவித்தொகை. இது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு தருவது, உண்மையானது, மதிப்புமிக்கது. ஆனால் அதன் திட்டங்களில் நம் ஊரில் அதிகம் பேசப்படும், வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கான திட்டம், பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவத்தைக் கேட்கிறது. கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. அதிலும் அந்தத் திட்டப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். எங்கள் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இறுதியாண்டு மாணவர்கள். அதாவது, நாங்கள் எவரைக் கூட்டத்துக்கு அழைத்தோமோ அவருக்கே பொருந்தாத உதவித்தொகையைக் காட்டி அழைத்திருக்கிறோம். ஆதாரத் தாளின் இரண்டாவது கட்டத்தை அப்போது நிரப்பியிருந்தால், அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

அடுத்து வருவது டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியும். மாதம் 300 யூரோ. பாதியை ஜெர்மன் கூட்டரசும் மீதியைத் தனியார் கொடையாளர்களும் தருகிறார்கள். பல்கலைக்கழகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வும் அவர்களுடையது. இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இதன் முடிவு பெரும்பாலும் மாணவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் பிளாக்டு அக்கவுண்டுக்கான முழுப் பணத்தையும் குடும்பம் திரட்டியிருக்க வேண்டும். மேலும் மாதம் 300 யூரோ, 992 யூரோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே இதை "செலவுக்குத் துணையாக, பிறகு கிடைக்கக்கூடியது" என்று சொல்லலாம். "இதை வைத்துப் படிக்கலாம்" என்ற தொனியில் எழுதக் கூடாது.

தனியார் பல்கலைக்கழகங்கள் தரும் கட்டணச் சலுகையும் சில நேரம் ஸ்காலர்ஷிப் என்ற பெயரிலேயே வருகிறது. முழுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வதற்கு நம் மொழியில் கட்டணத் தள்ளுபடி என்ற தெளிவான பெயர் இருக்கிறது. கேப்ஷனில் அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள், தள்ளுபடி போக மாணவர் கட்ட வேண்டிய மீதித் தொகையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். "50% ஸ்காலர்ஷிப்" என்பதைப் படிக்கிற தந்தையின் மனத்தில் பணம் கைக்கு வருவதுபோன்ற எண்ணம் எழுகிறது. உண்மையில் பணம் கையிலிருந்து போகத்தான் போகிறது.

"வரை" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். "10 லட்சம் வரை" என்று எழுதினால் சட்டப்படி தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தார். படிப்பவர் கண்ணில் நிற்பது 10 லட்சம்தான், "வரை" நிற்பதில்லை. மிக உயர்ந்த தொகையைப் போடுவதானால் அது எத்தகையவருக்குக் கிடைக்கும் என்பதையும் அதே வாக்கியத்தில் போடுங்கள். அப்படிப் போட முடியவில்லையென்றால் தொகையை விட்டுவிட்டு, திட்டத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். படிப்பவர் தாமே தேடிச் சரிபார்க்கப் பெயர்தான் உதவும். டி.ஏ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, மாணவர் தாமே விண்ணப்பிக்கலாம் என்பதையும் நான் கேப்ஷனில் சேர்ப்பதுண்டு. அந்த வரியைப் பார்த்து, நிறுவனத்துக்கு வர வேண்டியவர் வராமல் போவார் என்று பயந்தவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை, வந்தவர்கள் அந்த வரியைக் குறிப்பிட்டே வந்தார்கள்.

எந்த வரி எங்கே நிற்க வேண்டும்

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கத்தில் சுமார் 125 குறியீடுகள்தான் கண்ணில் படும். மீதியை விரித்துத்தான் பார்க்க வேண்டும். "கூ", "டி" போன்ற நம் உயிர்மெய் எழுத்துகள் இரண்டிரண்டு குறியீடுகளாக எண்ணப்படுவதால், தமிழில் இது பத்துப் பன்னிரண்டு சொற்களோடு முடிந்துவிடும். ஆகவே கவரும் கூற்றை மேலேயும் அதன் நிபந்தனையைப் பதினைந்தாம் வரியிலும் வைத்தால், நிபந்தனையை எழுதாததற்குச் சமம். நிபந்தனை அதன் கூற்றோடு ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும். கடைசியில் "விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று போட்டு எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது.

இது என் விருப்பம் மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வெளியான விளம்பர வழிகாட்டு நெறிகள், பொறுப்புத் துறப்பு வாசகம் முதன்மைக் கூற்றுக்கு முரணாகவோ அதைத் தலைகீழாக்குவதாகவோ இருக்கக் கூடாது என்றும், கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழில் "100% இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நிபந்தனைகளை அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாகப் போடும் போஸ்டர் இந்த இரண்டு நெறிகளையும் மீறுகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மேலாளரிடம் பழைய வாசகத்தை மாற்றச் சொல்லிப் பேசும்போது இந்தத் தகவல் உங்களுக்குக் கைகொடுக்கும்.

போஸ்டரையும் கேப்ஷனையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படம் மட்டும்தான் கைமாறிப் போகும். கேப்ஷன் உடன் போகாது. துறையூர்க்காரரிடம் இருந்ததும் படம்தான். கேப்ஷனில் திருத்தியதைப் படத்திலும் திருத்துங்கள்.

திருத்தி எழுதிய கேப்ஷன்

மேலே சொன்ன முறையில், 2026 மார்ச் மாதத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்கு நான் எழுதக்கூடியது இது:

> ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு: சேர்க்கை, செலவு, உதவித்தொகை குறித்த தகவல் கூட்டம்.
>
> மார்ச் 14, சனிக்கிழமை, காலை 10.30 முதல் 12.30 வரை. திருச்சி, தில்லைநகர். அனுமதிக் கட்டணம் இல்லை. 60 இருக்கைகள்.
>
> பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்திலும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எல்லா இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு கட்ட வேண்டும். விசாவுக்கு முன்பு 11,904 யூரோவை உங்கள் பெயரிலான பிளாக்டு அக்கவுண்டில் வைக்க வேண்டும். அது மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.
>
> சேர்க்கையை உங்கள் மதிப்பெண்ணையும் இளங்கலையில் படித்த பாடங்களையும் பார்த்துப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். நாங்கள் உத்தரவாதம் தர முடியாது. மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்தால், எந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறோம். இந்தக் குளிர்காலச் செமஸ்டருக்குச் சில படிப்புகளின் கடைசி நாள் முடிந்திருக்கலாம். பல படிப்புகளுக்கு ஜூலை 15 வரை உண்டு.
>
> உதவித்தொகை எல்லாருக்கும் கிடைப்பதன்று. பேசவிருக்கும் டி.ஏ.ஏ.டி. திட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது. அதற்கு நீங்களே கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியும் மாதம் 300 யூரோ. பெரும்பாலும் சேர்ந்த பிறகே முடிவு தெரியும்.
>
> கூட்டத்துக்குப் பிறகு விண்ணப்ப உதவி வேண்டுவோருக்கு எங்கள் சேவைக் கட்டணம் உண்டு. தொகை பதிவுப் படிவத்தில் உள்ளது. சில தனியார் பல்கலைக்கழகங்களிடமிருந்து எங்களுக்குக் கமிஷன் கிடைக்கிறது; அவற்றைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லிவிட்டே பேசுவோம்.
>
> தகவல்கள் சரிபார்க்கப்பட்ட நாள்: மார்ச் 2, 2026.

பழையதைவிட இது நீளம்தான். ஆனால் "இடங்கள் குறைவு" என்ற அவசரம் போய் "60 இருக்கைகள்" என்ற எண் வந்திருப்பதைக் கவனியுங்கள். அதைப் பார்த்து முந்திக்கொள்வதா இல்லையா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். கமிஷன் பற்றிய வரியை நீக்கச் சொல்லி உங்களிடம் கேட்பார்கள். கமிஷன் வருகிற இடம் ஒன்றாவது கூட்டத்தில் பேசப்படுமானால் அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் மேடையிலிருந்து வரும் பரிந்துரையை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்று மாணவர் முடிவு செய்ய அது தேவைப்படுகிறது.

வெளியிடும் முன்பும் பின்பும்

எழுதி முடித்ததை அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்; வெளிநாட்டுப் படிப்பு பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தால் நல்லது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று புரிந்துகொண்டீர்கள்? சீட் கிடைக்குமா? உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்?" என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதற்கும் உங்கள் ஆதாரத் தாளுக்கும் இடைவெளி இருந்தால், அவருக்கு விளக்க முயலாமல் வாக்கியத்தைத் திருத்துங்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் எனக்கு வழக்கமாக இதைப் படித்துச் சொல்வார். "செமஸ்டர் பங்களிப்பு" என்பதை அவர் ஒருமுறை நன்கொடை என்று புரிந்துகொண்டார்; அதன் பிறகு "கட்ட வேண்டும்" என்ற சொல்லை அதோடு விடாமல் சேர்க்கிறேன்.

வெளியிட்ட பிறகு பின்னூட்டங்களையும் கேப்ஷனின் பகுதியாகவே நினையுங்கள். "சி.ஜி.பி.ஏ. 6.2, மெக்கானிக்கல், கிடைக்குமா சார்?" என்று ஒருவர் கேட்பார். அங்கே அவசரத்தில் "கண்டிப்பா கிடைக்கும், இன்பாக்ஸ் வாங்க" என்று ஒருவர் பதில் போட்டுவிட்டால், கேப்ஷனில் நீங்கள் காத்த கவனம் எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். பதில் எழுதும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்து, ஆதாரத் தாளையும் அவர் கையில் கொடுங்கள். மேலே கேட்டவருக்கான பதில் இப்படி இருக்கலாம்: "தம்பி, 6.2 என்பது ஜெர்மன் கணக்கில் ஏறத்தாழ 3.3 வரும். 2.5 கேட்கும் படிப்புகளுக்குப் பொருந்தாது. மதிப்பெண் வரம்பு குறிப்பிடாத படிப்புகளும் உண்டு. பட்டியலைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது."

கூட்டம் முடிந்த மறுநாள் கேப்ஷனின் முதல் வரியில் "இந்தக் கூட்டம் முடிந்துவிட்டது; தொகைகளும் தேதிகளும் மார்ச் 2026 நிலவரப்படி" என்று சேர்த்துவிடுங்கள். பதிவு அங்கேயே கிடக்கும். அடுத்த ஆண்டு இன்னொருவர் அதைத் தேடி எடுத்துப் படிப்பார். ஆதாரத் தாளையும் போஸ்டரோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கேப்ஷன் எழுதப் போகிறவர் அந்தத் தாளின் நான்காவது கட்டத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து, ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்ப்பதிலிருந்து தம் வேலையைத் தொடங்கலாம்.